பத்து வயதுப் பிள்ளையிடம் "நீயே சமாளி" என்று சொல்லலாமா?

பள்ளியில் கேலிக்கும் சீண்டலுக்கும் ஆளாகி வரும் பிள்ளைக்கு நம் தெருக்களில் இரண்டு அறிவுரைகள் கிடைக்கின்றன. "கண்டுக்காத, நல்லா படி, நாளைக்கு நீ கலெக்டர் ஆனா இவனுங்க எல்லாம் உனக்குக் கும்பிடு போடுவானுங்க" என்பது ஒன்று. "அவன் ஒண்ணு குடுத்தா நீ ரெண்டு குடு" என்பது மற்றொன்று. இரண்டுமே அன்பில் சொல்லப்படுபவைதான். ஆனால் முதலாவது இன்று நடப்பதற்குத் தீர்வை இருபது வருடம் தள்ளிப் போடுகிறது. இரண்டாவது, திருப்பி அடித்த நம் பிள்ளையையே குற்றவாளியாக நிறுத்துகிறது. இரண்டிலும் அந்தப் பத்து வயது தனியாகத்தான் நிற்கிறது.

எந்தச் சீண்டலைப் பிள்ளை சமாளிக்கலாம், எது தொடங்கியதும் பெரியவர்கள் பள்ளிக்குள் போக வேண்டும் என்பதற்கு ஒரு கோடு உண்டு. சாதி உள்ளே வந்துவிட்டால் அந்தக் கோடு தாண்டப்பட்டுவிட்டது. அதன் பிறகு காத்திருப்பதில் பொறுமை என்று எதுவும் இல்லை. இதுதான் எங்கள் நிலைப்பாடு. சிக்கல் என்னவென்றால், பத்து வயதில் சாதி தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வகுப்புக்குள் வருவதில்லை.

எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்துக்கு வரும் ஒரு சிறுவனுக்கு நடந்ததை வைத்தே இதைச் சொல்கிறோம். ஊருக்குள் இருக்கும் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். அப்பா பெயிண்டர். ஊரில் சாவு விழுந்தால் பறையடிக்கவும் கூப்பிடுவார்கள், போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி அவர் அடித்துக்கொண்டு போனதை மகனின் வகுப்புப் பிள்ளைகள் சிலர் பார்த்திருக்கிறார்கள். திங்கட்கிழமை அவன் வருகைப் பதிவுக்கு எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்றதும் பின் பெஞ்சில் யாரோ மேசையில் தாளம் தட்டினார்கள். நாலு பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான்.

மறுநாள் அவன் தண்ணீர் குடிக்க எழுந்தபோதும் தட்டினார்கள். கரும்பலகைக்குப் போனபோதும் தட்டினார்கள். "டண்டணக்கா" என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் வாரம் அவன் தொட்ட பந்தை மண்ணில் உருட்டிவிட்டு எடுத்தார்கள். யாரும் ஒரு தடவைகூடச் சாதிப் பெயரைச் சொல்லவில்லை. வகுப்பாசிரியைக்குக் கேட்டது மேசை தட்டும் சத்தம் மட்டும். "சத்தம் போடாதீங்க" என்று அவர் பொதுவாகச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார்.

பையன் கண்டுபிடித்த வழி எளிமையானது. எழுந்தால்தானே தட்டுகிறார்கள் என்று எழுவதையே நிறுத்திவிட்டான். பதில் தெரிந்தாலும் கை தூக்குவதில்லை. வாசிக்கச் சொன்னால் உட்கார்ந்தபடி முணுமுணுத்தான். மதியம் வரை தண்ணீர் குடிக்கப் போவதில்லை. ஒன்றரை மாதத்தில் அவனைப் பற்றிப் பள்ளி சொன்னது, "வகுப்பில் ஈடுபாடு இல்லை, படிப்பில் மந்தம்" என்பது. சாதிச் சீண்டல் ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணாக மாறுவது இப்படித்தான். நம் பிள்ளைகளில் எத்தனை பேரின் "மந்தம்" இந்த வழியில் வந்தது என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

பிள்ளை ஏன் சொல்வதில்லை

பத்து வயதுக்கு வீட்டு நிலைமை நன்றாகவே தெரியும். சொன்னால் அப்பா ஊர்த் தெருவுக்குப் போய்ச் சண்டை போடுவார், வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று அது கணக்குப் போடுகிறது. அதைவிடப் பெரிய காரணம், கேலி செய்யப்படுவது அப்பாவின் வேலையாகவோ அம்மாவின் வேலையாகவோ இருக்கும்போது, அதை அவர்களிடமே திருப்பிச் சொல்ல நாக்கு வராது.

2022-இல் ஈரோடு மாவட்டத்தின் ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பட்டியலினப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை கைதானது நினைவிருக்கலாம். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் டெங்கு காய்ச்சலில் படுத்த பிறகு, அம்மா விசாரித்தபோதுதான் அது வெளியே வந்தது. அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆகவே பிள்ளை வந்து சொல்லும் என்று காத்திருக்கக் கூடாது. பார்க்க வேண்டியவை சில உண்டு. பள்ளி நாளில் மட்டும் வந்து ஞாயிற்றுக்கிழமை வராத வயிற்றுவலி. நிரம்பியபடியே திரும்பி வரும் தண்ணீர் பாட்டில். பள்ளிவிட்டு வழக்கத்துக்கு முன்போ பின்போ வருவது, புது வழியில் வருவது. நேற்றுவரை பேசிய ஒரு கூட்டாளியின் பெயர் திடீரென்று பேச்சில் வராமல் போவது. இந்தப் பையனின் அம்மா கவனித்தது பாட்டிலைத்தான்.

கேட்கும் விதமும் முக்கியம். "எவன்டா உன்ன என்ன பண்ணான்?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பதுதான் பதில். முகத்தைப் பார்த்து உட்கார வைத்து விசாரிப்பதைவிட, வேலை பார்த்துக்கொண்டே சின்னக் கேள்விகள் கேட்பது நல்லது. அந்த அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்: "இன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு யார் பக்கத்துல உக்காந்தப்பா?" யாரும் இல்லை என்றான். "தண்ணி குடிக்கலயா?" "எழுந்தா தட்டுவாங்கம்மா." "எத தட்டுவாங்க?" மூன்றாவது கேள்விக்குப் பதிலாக அவன் தரையில் தட்டிக் காட்டினான். தாளத்தைக் கேட்டதும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

அந்த நேரத்தில் அழவோ கத்தவோ கூடாது. பிள்ளை அடுத்த முறை சொல்லுமா, சொல்லாதா என்பது அந்த ஐந்து நிமிடத்தில் முடிவாகிறது. "சொன்னது நல்லதுப்பா. இதுல உன் தப்பு எதுவும் இல்ல. என்ன செய்யலாம்னு சேந்து யோசிப்போம்." இவ்வளவு போதும்.

பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியது

முதலில் உண்மையைக் கொடுக்க வேண்டும். பறையைப் பற்றிக் கேட்ட பிள்ளையிடம் "அதையெல்லாம் விடு" என்று சொன்னால், வெட்கப்பட வேண்டிய ஏதோ இருக்கிறது என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். சாவுக்குக் கட்டாயமாக அடிக்க வைப்பதை எதிர்த்து நம் ஆட்கள் பல ஊர்களில் பறையைக் கீழே வைத்துப் போராடியிருக்கிறார்கள். அதே பறையை மேடையில் விடுதலையின் இசையாகவும் அடித்திருக்கிறார்கள். இரண்டும் நம் வரலாறு. அவனிடம் நாங்கள் சொன்னது இதுதான்: "பறை அருமையான வாத்தியம். நீதான் அடிக்கணும்னு ஒரு கூட்டத்தத் தலையில கட்டுனது தப்பு. அந்தத் தப்பு பண்ணவங்கதான் வெக்கப்படணும், உங்கப்பா இல்ல." அம்பேத்கரும் சிறுவயதில் வகுப்பில் தனியாகக் கோணிச்சாக்கில் உட்கார வைக்கப்பட்டார், பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணீர் என்பதையும் சொன்னோம். தன் வயதுப் பையனுக்கு நடந்த கதையாக அவன் அதைக் கேட்டான்.

அடுத்தது, வாயில் வைத்துக்கொள்ள ஒரு வாக்கியம். நீளமான பதில் பத்து வயதுக்கு நினைவில் நிற்காது. வசவும் வேண்டாம், அது சண்டையாகும். "தட்டாத. எனக்குப் பிடிக்கல." இதை நிமிர்ந்து நின்று, அவன் கண்ணைப் பார்த்து, ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது. மையத்தில் மற்ற பிள்ளைகளைத் தட்டச் சொல்லி இதைப் பலமுறை சொல்லிப் பார்க்க வைத்தோம். மூன்றாவது, கூட ஓர் ஆள். இடைவேளையிலும் சாப்பாட்டிலும் வீடு திரும்பும் வழியிலும் தனியாக இல்லாமல் பார்த்துக்கொள்ள, அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு அக்காவை ஏற்பாடு செய்தோம்.

இதற்கு எல்லை உண்டு. தடித்த கண்ணாடி, திக்குவாய், உயரம் என்று ஒருவன் ஒருவனைச் சீண்டும்போது இந்த முறை பெரும்பாலும் போதும். ஒரு வாரம் பார்க்கலாம். ஆனால் வகுப்பே சேர்ந்து சிரிக்கும் சாதிச் சீண்டலை ஒரு பிள்ளையின் துணிச்சல் நிறுத்தாது. ஏனென்றால் அதைத் தொடங்கியது அந்தப் பிள்ளைகள் இல்லை. அவர்கள் வீட்டிலும் தெருவிலும் கேட்டதைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஊரின் பலம் அவர்கள் பின்னால் நிற்கும்போது, நம் பிள்ளையின் பின்னால் யாராவது பெரியவர்கள் நிற்கத்தானே வேண்டும்?

எப்போது ஆசிரியரிடம் போவது

மூன்றில் ஒன்று நடந்தாலும் போக வேண்டும். ஒன்று, உடம்பிலோ பொருளிலோ கை வைப்பது: அடி, கிள்ளல், பையைத் தூக்கி எறிவது, காசு பிடுங்குவது. இதற்கு அடுத்த நாளே போக வேண்டும். இரண்டு, பிள்ளை தன் வழக்கத்தை மாற்றிக்கொள்வது: தண்ணீர், கழிப்பறை, சாப்பாடு, கை தூக்குவது, பள்ளிக்குப் போவது ஆகியவற்றில் ஒன்றை நிறுத்தியிருந்தால். மூன்று, சாதி. பெயர் சொன்னாலும் சரி, தாளம், தொழில், தெரு, தீட்டு, தொட்டால் துடைப்பது என்று மறைமுகமாக வந்தாலும் சரி.

சாதியா, வெறும் விளையாட்டா என்று பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: இதையே எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்கிறார்களா, நம் தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் செய்கிறார்களா?

போகலாமா வேண்டாமா என்பதைப் பிள்ளையின் தலையில் வைக்கக் கூடாது. அது பெரியவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் எப்படிப் போவது என்பதைப் பிள்ளையிடம் கேட்டே ஆக வேண்டும். "பள்ளி நேரத்துல வரவா, விட்டப்பறம் வரவா? யார் பேரச் சொல்லலாம்? எது நடந்தா உனக்குக் கஷ்டமா இருக்கும்?" பையன் ஒன்றைத்தான் கேட்டான்: எல்லார் முன்னாடியும் என்னை எழுப்பி நிறுத்தக் கூடாது.

பெற்றோரின் பயத்தையும் நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் தொந்தரவு தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்திய பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை, விஷயம் பள்ளிக்குத் தெரிந்த பிறகு வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கையையும் வெட்டினார்கள். சொன்னால் ஆபத்து என்று சிலர் இதிலிருந்து பாடம் எடுக்கிறார்கள். நாங்கள் எடுக்கும் பாடம் வேறு. பன்னிரண்டாம் வகுப்பு வரை வளரவிட்ட பிறகு அது அரிவாளாகி நின்றது. ஐந்தாம் வகுப்பில் அது மேசையில் தாளமாக இருக்கும்போதே நிறுத்த வேண்டும். புகார் கொடுப்பதோடு பாதுகாப்பும் சேர்ந்து வர வேண்டும். யார் சொன்னது என்பது யாருக்குத் தெரியும், அன்று மாலை பிள்ளை யாருடன் வீடு திரும்பும் என்பதையெல்லாம் முடிவு செய்துவிட்டுத்தான் பள்ளிக்குள் போக வேண்டும்.

போய் என்ன சொல்வது

போவதற்கு முன் நான்கு நாள் ஒரு நோட்டில் எழுதினோம். தேதி, எந்தப் பாடவேளை, என்ன நடந்தது, யார் அருகில் இருந்தார்கள். நாளுக்கு இரண்டு வரி. சீண்டிய பிள்ளைகளின் வீட்டுக்குப் போகவில்லை. நம் கிராமங்களில் அது அடுத்த நிமிடமே தெருவுக்கும் தெருவுக்குமான பிரச்சினையாகும், பிள்ளையின் பிரச்சினை காணாமல் போகும். அம்மாவும் மையத்திலிருந்து ஒருவரும் என இரண்டு பேர் மட்டும், பள்ளி விட்ட பிறகு வகுப்பாசிரியையைப் பார்த்தோம்.

அவர் எதிர்பார்த்ததையே சொன்னார்: "சின்னப் பசங்கம்மா, விளையாட்டுக்குத் தட்டுறாங்க." அம்மா கேட்டார்: "மத்த பிள்ளைங்க எழுந்தா தட்டுறாங்களா டீச்சர்? ரெண்டு நாள் பாத்துச் சொல்லுங்க." சண்டை இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. பார்க்கச் சொன்னதை மறுக்க அவரிடம் காரணம் இல்லை. இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். அவர் முகம் மாறியிருந்தது.

"கண்டிச்சு வைங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தால், வகுப்பில் நம் பிள்ளையை நிறுத்தி, "இவனை யாரும் கிண்டல் பண்ணாதீங்க" என்பார்கள். மறுநாளிலிருந்து கேலி இரண்டு மடங்காகும். எனவே நாங்கள் கேட்டவை குறிப்பாக இருந்தன. தட்டும்போதே தட்டுபவரை நிறுத்த வேண்டும், பையனின் பெயரை இழுக்கக் கூடாது. நம் பையனை மட்டும் இடம் மாற்றக் கூடாது, வகுப்பு முழுவதற்கும் வாரம் ஒருமுறை இருக்கை மாற வேண்டும். ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தையும் தண்ணீர்க் குழாயையும் ஆசிரியர் ஒருவர் பார்க்க வேண்டும். உதவித்தொகைக்கான பெயர்களை வகுப்பில் வாசிக்கக் கூடாது. கட்டாய மன்னிப்பு வேண்டாம். பத்து நாள் கழித்து மீண்டும் வருவோம் என்று தேதியும் சொன்னோம்.

பேசியதையே கடிதமாகத் தலைமையாசிரியருக்கும் கொடுத்தோம். "என் மகன் எழுந்து நிற்கும்போதும் நடக்கும்போதும் சில மாணவர்கள் பறைத் தாளம் தட்டி, எங்கள் குடும்பத்தின் சாதியையும் தொழிலையும் குறித்துக் கேலி செய்கிறார்கள். இதனால் அவன் தண்ணீர் குடிக்கவும் பதில் சொல்லவும் எழுவதில்லை. கீழ்க்கண்ட நடவடிக்கைகளை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்." இரண்டு பிரதி. ஒன்றில் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொண்டோம். வாய்ப் பேச்சு ஆசிரியரின் நல்ல மனதை நம்பியிருக்கிறது. கடிதம் அவர் மாறுதலாகிப் போனாலும் இருக்கும்.

ஒரு வாரத்தில் வகுப்புக்குள் தட்டுவது நின்றது. வழியில் இன்னும் சில நாள் தொடர்ந்தது. அந்த அக்கா கூட நடந்ததால் அதுவும் குறைந்தது. பையன் மறுபடி கை தூக்க ஆரம்பிக்க இரண்டு மாதம் ஆனது. முன்பு நெருக்கமாக இருந்த ஒரு நண்பன் திரும்பி வரவில்லை. ஆசிரியர் நடத்தையை நிறுத்தலாம், அந்த வீட்டில் பேசப்படுவதை ஒரு கடிதம் மாற்றிவிடாது.

ஆசிரியரே பிரச்சினை என்றால்

பத்து நாளில் எதுவும் நடக்கவில்லை என்றால் தலைமையாசிரியர், பிறகு வட்டாரக் கல்வி அலுவலர். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்றும், பின்தங்கிய பிரிவுப் பெற்றோருக்கு விகிதப்படி இடம் வேண்டும் என்றும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நம் தெருவிலிருந்து அதில் யார் இருக்கிறார்கள் என்று இப்போதே பார்த்துவையுங்கள். அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 32-ஆவது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் புகார் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மேல்முறையீடு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்குப் போகும். உடனடி ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

ஆசிரியரோ வேறு பெரியவரோ பிறர் முன்னிலையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், கழிப்பறை கழுவ வைத்தால், அங்கே பேச்சுவார்த்தை வேண்டாம். அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம். நேராகக் காவல் நிலையம்.

பத்து வயதுப் பிள்ளைகளின் மீது அதே வேகத்தை நாங்கள் காட்டுவதில்லை. ஏழு முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளை, தான் செய்வதன் விளைவைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இல்லாமல் செய்தது குற்றமாகாது என்பது சட்டம். அதைத் தாண்டியும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நமக்கு எதிரி இல்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருந்த பெரியவர்தான் பதில் சொல்ல வேண்டியவர்.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை கொடுத்தது. அகர வரிசையில் இருக்கை, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, சாதியைக் குறித்து ஆசிரியர் மாணவரிடம் பேசக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. இவை நிறைவேற அரசாணைக்காக மட்டும் காத்திருக்கத் தேவையில்லை. இருக்கை மாற்றத்தையும், உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் வாசிக்காமல் இருப்பதையும் ஒரு தலைமையாசிரியர் நாளையே தொடங்கலாம். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்த இரண்டை மட்டும் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். மறுத்தால், ஏன் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.